அது எந்தச் சாலை, எந்த மாதம்? தெருக்காட்சிப் படத்தையும் படமெடுத்த வண்டியின் தடயங்களையும் சாட்சியாக்குவது

பாதை மறுப்பு வழக்குகளில் சாட்சிகள் பேசுவதற்கு முன்பே புகைப்படங்கள் பேசத் தொடங்கிவிடுகின்றன. காலனியிலிருந்து சுடுகாட்டுக்கோ பேருந்து நிறுத்தத்துக்கோ செல்லும் பாதை சுவர் எழுப்பி அடைக்கப்பட்டதாக மக்கள் புகார் அளிக்கிறார்கள். அடைப்பே இல்லை என்று எதிர்த் தரப்பு ஒரு வண்ணப் படத்தைத் தாக்கல் செய்கிறது. படத்தில் சாலை திறந்திருக்கிறது. அது எந்தச் சாலை, எப்போது எடுத்த படம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைக்காதவரை அந்தப் படம் வழக்கின் மீது பாறாங்கல்லாகக் கிடக்கும்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(za) பிரிவு, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பொதுச் சாலையையோ பாதையையோ மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே வந்து 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள பிரிவு இது. இக்குற்றத்தை நிறுவ ஒரு குறிப்பிட்ட பாதை இருந்தது, அது பொதுப் பயன்பாட்டில் இருந்தது, பின்னர் அடைக்கப்பட்டது என்று மூன்றையும் காட்ட வேண்டியிருக்கிறது. மூன்றுமே இடத்தையும் காலத்தையும் பற்றியவை. எதிர்த் தரப்பு தந்த ஒரே ஒரு படத்திலிருந்து இந்த மூன்றையும் நிறுவ முடிந்த ஒரு வழக்கை இங்கே படிப்படியாக விளக்குகிறோம். வழக்கு நிலுவையில் இருப்பதாலும், அந்த மக்கள் அதே ஊரில் வாழ வேண்டியிருப்பதாலும் ஊரின் பெயரையும் தரப்பினரின் பெயர்களையும் தவிர்க்கிறோம்.

தெருக்காட்சி இங்கே எப்போது வந்தது

கூரையில் பல கண்கள் கொண்ட கேமராவைப் பொருத்திய வண்டி ஒன்று சாலையில் செல்லும்போது, சில மீட்டருக்கு ஒருமுறை சுற்றுப்புறம் முழுவதையும் படம் பிடிக்கிறது. அப்படங்களை ஒட்டித் தைத்தால் நாம் நின்ற இடத்திலிருந்து எல்லாத் திசையிலும் திரும்பிப் பார்க்கக்கூடிய வட்டப்படம் கிடைக்கிறது. கூகுள் வரைபடத்தில் இதற்கு ஸ்ட்ரீட் வியூ என்று பெயர். இக்கட்டுரையில் தெருக்காட்சி என்கிறோம்.

இந்தியாவில் இதன் வரலாறு குறுகியது. 2011இல் பெங்களூருவில் தொடங்கிய வேலையைக் காவல்துறை சில வாரங்களிலேயே நிறுத்தியது. 2016இல் மத்திய அரசு அனுமதி மறுத்தது. 2021ஆம் ஆண்டின் புவியிடத் தரவு வழிகாட்டு நெறிமுறைகள், தெருக்காட்சி அளவைப் பணியை இந்திய நிறுவனங்கள் மட்டுமே செய்யலாம் என்று வரையறுத்தன. அதன்படி ஜெனிசிஸ், டெக் மஹிந்திரா ஆகிய இரு நிறுவனங்களின் வழியே 2022 ஜூலையில் சென்னை உள்ளிட்ட பத்து நகரங்களில் தெருக்காட்சி வெளியானது.

இந்த வரலாற்றிலிருந்து வழக்குக்குப் பயன்படும் முடிவு ஒன்று கிடைக்கிறது. 2008 மே மாதத்தில் உத்தப்புரம் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டபோது, அதற்கு முன் அந்தச் சுவர் எப்படி நின்றது என்று காட்டத் தெருக்காட்சி கிடையாது. சென்னையையும் அதன் விளிம்பையும் பொறுத்தவரை, வண்டியில் எடுத்த தெருக்காட்சிப் படம் கிடைத்தால் அது பெரும்பாலும் 2020களைச் சேர்ந்ததாகவே இருக்கும். ஆகவே அண்மை ஆண்டுகளில் எழுந்த அடைப்புகளுக்கே இந்த வழி உதவும்.

வண்டி எங்கெல்லாம் சென்றது என்பதையும் பார்க்க வேண்டும். வரைபடத்தில் மஞ்சள் நிற மனித உருவை இழுத்துப் பிடித்தால் வண்டி சென்ற சாலைகள் நீலக் கோடுகளாகத் தெரியும். தனித்த நீலப் புள்ளிகள் பயனர்கள் தாமாகப் பதிவேற்றிய வட்டப்படங்கள். கோடு பெரும்பாலும் தார்ச்சாலையோடு நின்றுவிடுகிறது. காலனிக்குள் செல்லும் ஒற்றையடிப் பாதையிலும் மண்பாதையிலும் கோடு இருக்காது. அவ்வகையில் இந்தப் படங்களும் ஊரைப் பார்த்துவிட்டுச் சேரியைப் பார்க்காமல் திரும்புகின்றன. ஆனால் அடைப்புகள் பெரும்பாலும் எழுவது காலனிப் பாதை ஊர்ச்சாலையைத் தொடும் முனையில்தான். அந்த முனையை வண்டி பார்த்திருக்க வாய்ப்பு உண்டு.

படத்தை எடுத்தது மனிதக் கையா, வண்டியா

நமது வழக்கில் எதிர்த் தரப்பு பதில் மனுவோடு ஓர் A4 தாளில் அச்சிட்ட வண்ணப் படத்தை இணைத்திருந்தது. இரு பக்கமும் வீடுகள், நடுவே நேராகச் செல்லும் சாலை, சாலையின் முடிவில் ஒரு சிறு பாலம், அதன் பின்னால் ஒரு வேப்பமரம். சென்ற மாதம் கைப்பேசியில் எடுத்த படம் என்று மனு கூறியது. அந்தப் பாலத்துக்கு முன்னால்தான் சுவர் நிற்கிறது என்பது மக்களின் புகார். படத்தில் சுவர் இல்லை. மக்களிடம் காட்டியபோது அது தங்கள் தெருவே அல்ல என்று சிலர் கூறினர். சுவர் வருவதற்கு முன் இருந்த தங்கள் தெருதான் என்று வேறு சிலர் கூறினர். மனைப்பிரிவுத் தெருக்கள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதால் இரண்டுமே நம்பக்கூடியவையாக இருந்தன.

முதலில் நாங்கள் தேடியது சாலையை அல்ல, கேமராவை. தாளில் நான்கு தடயங்கள் கிடைத்தன.

முதல் தடயம் உயரம். மனிதர் கையில் பிடிக்கும் கைப்பேசி தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டரில் இருக்கும். தெருக்காட்சி வண்டியின் கேமரா ஏறத்தாழ இரண்டரை மீட்டரில் இருக்கும். இதை அறிய எளிய வழி உண்டு. சமதளத்தில், படத்தின் தொடுவானக் கோடு எந்தப் பொருளை எந்த உயரத்தில் வெட்டுகிறதோ, அதுவே கேமராவின் உயரம். சாலையின் இரு ஓரங்களையும் அளவுகோலால் நீட்டினால் அவை சந்திக்கும் புள்ளியின் வழியே தொடுவானம் செல்லும். நமது படத்தில் அந்தக் கோடு நடந்து செல்வோர் எல்லாருடைய தலைக்கும் மேலே சென்றது, வீட்டுக் கதவுகளின் மேல்நிலையையும் தாண்டியது. ஏணியில் ஏறாமல் கைப்பேசியால் அப்படி எடுக்க முடியாது.

இரண்டாம் தடயம் மறைப்பு. சாலையில் சென்றவர்களின் முகங்களும் ஓர் இருசக்கர வண்டியின் எண் பலகையும் மட்டும் மங்கலாக இருந்தன. சுற்றியுள்ளவை தெளிவாக இருந்தன. தெருக்காட்சி முகங்களையும் எண் பலகைகளையும் தானாகவே மங்கலாக்குகிறது. கைப்பேசிப் படம் அப்படிச் செய்வதில்லை.

மூன்றாம் தடயம் தையல். இடப்புறம் ஒரு மிதிவண்டியின் பின்பாதி மட்டும் இருந்தது, முன்பாதி காற்றில் கரைந்திருந்தது. அதற்கு நேர் மேலே மின்கம்பி ஓரிடத்தில் அறுந்து, ஒரு விரல் அகலம் தள்ளி மீண்டும் தொடங்கியது. கேமராவின் இரு கண்கள் எடுத்த படங்கள் ஒட்டப்படும் இடத்தில், அசையும் பொருளும் அருகிலுள்ள பொருளும் இப்படி வெட்டுப்படும்.

நான்காம் தடயம் நிழல். சாலையின் மீது ஒரு காரின் நீண்ட நிழலும் அதன் கூரையில் நிமிர்ந்து நின்ற கம்பத்தின் நிழலும் விழுந்திருந்தன. தாளின் கீழ்விளிம்பில் வெள்ளை அம்புக்குறி ஒன்றின் நுனி தெரிந்தது. திரையில் முன்னே நகர்வதற்காகக் காட்டப்படும் குறி அது. படத்தை வெட்டியவர் மாதமும் ஆண்டும் தெரியும் ஓரத்தை நீக்கியிருந்தார். அம்பின் நுனி மட்டும் தப்பிவிட்டது.

வண்டியின் அடையாளம் எதுவரை உதவும்

கேமரா வண்டியின் தனித்தன்மைகளைக் கொண்டு இடத்தைக் கண்டறியும் கலையை வளர்த்தவர்கள் பெரும்பாலும் விளையாட்டாளர்கள். ஜியோகெஸ்ஸர் என்ற இணைய விளையாட்டு 2013இல் தொடங்கியது. ஏதோ ஒரு தெருக்காட்சிப் படத்தைக் காட்டி, அது உலகில் எங்கே என்று கேட்கும் விளையாட்டு. அதை ஆடுவோர் சாலையைப் பார்ப்பதோடு நிற்காமல் வண்டியையும் பார்க்கத் தொடங்கினர். கானாவில் படமெடுத்த வண்டியின் கூரைக் கம்பியின் மூலையில் கருப்பு நாடா சுற்றப்பட்டிருக்கும். கென்யாவில் வண்டியின் முன்புறம் நிமிர்ந்த காற்றுக்குழாய் தெரியும். மங்கோலியாவில் கூரையில் கட்டிய பயண மூட்டைகள் தெரியும். நைஜீரியாவில் பல படங்களில் காவல் வண்டி ஒன்று பின்தொடர்ந்து வரும்.

இவை உண்மையான அடையாளங்கள். ஆனால் அவை அடையாளம் காட்டுவது சாலையை அல்ல, ஒரு பயணத்தை மட்டுமே. கருப்பு நாடா சுற்றிய அதே வண்டி கானாவின் ஆயிரக்கணக்கான சாலைகளில் சென்றிருக்கிறது. பின்னொரு ஆண்டில் வேறு வண்டி வந்தால் அதில் நாடா இருக்காது. ஆகவே வண்டியின் அடையாளம் தேடவேண்டிய பரப்பைக் குறுக்கும், ஆனால் சாலையை உறுதி செய்யாது. நீதிமன்றத்தில் இந்த வேறுபாட்டை மறந்தால் குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியிலேயே வாதம் சரியும்.

நமது வழக்கில் இந்தக் குறுக்கலே பெரும் பயனைத் தந்தது. அந்த மனைப்பிரிவில் ஒன்பது தெருக்கள் உள்ளன. படம் வண்டியில் எடுத்தது என்று தெரிந்தவுடன், நீலக் கோடு உள்ள தெருக்களை மட்டும் பார்த்தால் போதும் என்றாயிற்று. அவை மூன்றே.

நிழல் காட்டும் திசை

அந்த மூன்றில் ஒன்று வடக்கு தெற்காகச் செல்கிறது, இரண்டு கிழக்கு மேற்காக இணையாகச் செல்கின்றன. வண்டியின் நிழல் நீளமாக, சாலையின் போக்கிலேயே கேமராவுக்கு முன்னால் விழுந்திருந்தது. நீண்ட நிழல் என்றால் காலையோ மாலையோ. சென்னையின் அகலாங்கில் ஆண்டு முழுவதும் சூரியன் உதிக்கும் புள்ளி நேர்கிழக்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகைக்குள் தான் வடக்கேயும் தெற்கேயும் நகர்கிறது. ஆகவே காலை மாலை நீண்ட நிழல் சாலையோடு ஒத்துச் சென்றால், அந்தச் சாலை கிழக்கு மேற்காகவே இருக்கும். வடக்கு தெற்குத் தெரு விலகியது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. வெளிநாட்டுக் கையேடுகள் பலவற்றில் வடக்குக் கோளத்தில் நண்பகல் நிழல் வடக்கே விழும் என்று எழுதியிருக்கும். அது ஐரோப்பாவுக்குச் சரி. சென்னையில் ஏப்ரல் இறுதி வாரத்திலும் ஆகஸ்ட் நடுப்பகுதிக்குப் பின்னும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்பதால் நிழல் தெற்கே விழும். மாதம் தெரியாத படத்தில் குறுகிய நண்பகல் நிழலைக் கொண்டு வடக்கைக் குறிப்பது தவறான தெருவுக்கு அழைத்துச் செல்லும். நீண்ட நிழலை மட்டுமே நம்பலாம்.

ஒரே படம் என்பதும் ஒரே சாலை என்பதும்

எஞ்சிய இரு தெருக்களிலும் வண்டி நின்ற ஒவ்வொரு புள்ளியாகத் திரையில் நகர்ந்து பார்த்தோம். தெற்குத் தெருவின் நடுப்பகுதியில் பாதி மிதிவண்டி கிடைத்தது. அதற்கு மேலே அதே கம்பி, அதே அறுபட்ட இடம். சாலையில் காரின் நிழலும் கம்பத்தின் நிழலும் அதே நீளத்தில் இருந்தன. இடப்புறத் திண்ணையில் காயப்போட்ட புடவையின் மடிப்பு வரை ஒத்துப்போனது. திரையின் ஓரத்தில் படமெடுத்த காலம் 2023 பிப்ரவரி என்று இருந்தது. புகாரின்படி சுவர் எழுந்தது 2024 அக்டோபரில்.

இங்கே இரண்டு முடிவுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கடந்து செல்பவை ஒத்துப்போனால் இரண்டும் ஒரே படம் என்று நிறுவப்படுகிறது. அதே மிதிவண்டி, அதே தையல் பிழை, அதே நிழல் ஆகியவை வேறொரு நாள் வேறொரு கேமராவில் மீண்டும் அமைய வழியில்லை. தாளில் இருப்பது சென்ற மாதக் கைப்பேசிப் படம் என்ற கூற்று இதோடு முடிந்தது. ஆனால் அந்தப் படம் புகாரில் சொல்லப்பட்ட சாலையைத்தான் காட்டுகிறது என்பதற்கு இது போதாது. தெருக்காட்சி தானே ஒரு படத்தைத் தவறான தெருவில் வைத்திருக்கக்கூடும். நெருக்கமான கட்டடங்களுக்கிடையே செயற்கைக்கோள் இருப்பிடக் கணிப்பு சில மீட்டர் பிசகும். இணைத் தெருக்கள் அடுத்தடுத்து இருக்கும் இடத்தில் அந்தப் பிசகு படத்தை அடுத்த தெருவுக்குத் தள்ளிவிடலாம். திரையில் காட்டப்படும் தெருப்பெயரும் தோராயமானதே.

எனவே சாலையை உறுதி செய்ய நகராத பொருள்கள் தேவை. நாங்கள் ஐந்தைத் தேர்ந்தோம்: ஒரு மின்மாற்றி, அதற்கு அடுத்த இரண்டு மின்கம்பங்கள், மாடியில் செங்கல் தூண்களின் மீது நிற்கும் ஒரு தண்ணீர்த் தொட்டி, சாலை முடிவில் உள்ள சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவர். பொருள்கள் இருக்கின்றன என்று காட்டுவதோடு நிற்கவில்லை. அவை ஒன்றுக்கொன்று எந்த நிலையில் உள்ளன என்பதே ஆதாரம். மின்மாற்றியும் கைப்பிடிச் சுவரும் எல்லா மனைப்பிரிவிலும் இருக்கும். மின்மாற்றிக்கும் அடுத்த கம்பத்துக்கும் உள்ள தூரம், அடுத்த கம்பத்துக்கும் பாலத்துக்கும் உள்ள தூரம், தொட்டி எந்தப் பக்கத்தில் எத்தனையாவது வீட்டில் என்ற வரிசை ஆகிய மூன்றும் சேர்ந்து இன்னொரு தெருவில் அமைவது அரிது.

இதற்கு மேல் ஒரு சோதனை உண்டு. படத்தில் இரண்டாவது மின்கம்பம் தண்ணீர்த் தொட்டியின் வலது விளிம்பைச் சரியாக மறைத்து நின்றது. அப்படியானால் கேமரா, கம்பம், தொட்டியின் விளிம்பு மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருந்தன. செயற்கைக்கோள் படத்தில் கம்பத்தையும் தொட்டி விளிம்பையும் இணைத்து ஒரு கோடு போட்டுச் சாலைவரை நீட்டினோம். சாலையின் மறுபக்கத்தில், ஒரு வீட்டின் மூலை மின்மாற்றியைத் தொட்டு நிற்பதையும் அதேபோல் கோடாக்கினோம். இரு கோடுகளும் வெட்டிக்கொண்ட இடம் தெற்குத் தெருவின் மீதே விழுந்தது. வடக்குத் தெருவில் அதே சோதனையைச் செய்ய மின்மாற்றியே இல்லை. பின்னர் அந்த இடத்தில் நேரில் நின்றபோது கம்பம் தொட்டியின் விளிம்பை மறைப்பதை எவரும் கண்ணால் காண முடிந்தது. கணக்கு அறியாத நீதிமன்றத்துக்கும் புரியக்கூடிய ஆதாரம் இதுவே.

படம் சொல்லாதவை

சுவர் இல்லாத 2023 பிப்ரவரிப் படம், அந்த மாதத்தில் சுவர் இல்லை என்று மட்டுமே காட்டும். சுவர் எப்போது எழுந்தது, யார் எழுப்பினார் என்பதற்கு மக்களின் வாக்குமூலமும் ஊராட்சிப் பதிவுகளும் வேண்டும். சில சாலைகளில் வண்டி ஒன்றுக்கு மேற்பட்ட முறை சென்றிருக்கும். அப்போது திரையில் `See more dates` என்ற தெரிவு தோன்றும். அதில் பழைய படங்களையும் வரிசையாகப் பார்த்துக் காலத்தைக் குறுக்கலாம். நமது தெருவில் ஒரே ஒரு பயணமே இருந்தது. அடுத்தடுத்த புள்ளிகளில் மாதம் மாறக்கூடும் என்பதையும் மறக்கக் கூடாது. தெருமுனையில் ஒரு மாதமும் தெருவுக்குள் வேறொரு மாதமும் இருக்கலாம். மேற்கோள் காட்டும் புள்ளியின் மாதத்தையே குறிக்க வேண்டும்.

கேமராவின் உயரம் இன்னொரு வகையிலும் ஏமாற்றும். சாதி சொல்லி இழிவுபடுத்தும் குற்றங்களுக்கான 3(1)(r), 3(1)(s) பிரிவுகளில், பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடமா என்ற கேள்வி எழுகிறது. சுவரன் சிங் வழக்கில் 2008இலும், ஹிதேஷ் வர்மா வழக்கில் 2020இலும் உச்ச நீதிமன்றம் இதைப் பேசியிருக்கிறது. ஒரு வீட்டின் முற்றம் சாலையிலிருந்து தெரியும் என்று காட்டத் தெருக்காட்சியைப் பயன்படுத்தும் ஆசை வரும். ஆனால் ஆறடிச் சுவருக்கு மேலாக அந்த வண்டியின் கேமரா பார்க்கும், சாலையில் நிற்கும் மனிதர் பார்க்க முடியாது. அந்தக் கேள்விக்கு நின்ற மனிதரின் கண்மட்டத்தில் எடுத்த படமே பொருந்தும்.

நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்லும் வழி

தெருக்காட்சி நிலையானது அல்ல. புதிய படம் வரலாம், பழையது நீக்கப்படலாம். தன் வீட்டை மங்கலாக்கும்படி எவரும் கோரலாம், அப்படி மங்கலாக்கியதை மீட்க முடியாது. ஆகவே கண்டவுடன் பதிவு செய்ய வேண்டும். முகவரிப் பட்டையில் உள்ள இணைப்பை முழுமையாக எடுத்து வைக்க வேண்டும். அதன் முன்பகுதி இந்த வடிவில் இருக்கும். இதில் உள்ள எண்கள் வடிவத்தைக் காட்டுவதற்காக மட்டுமே.

```
@13.0827,80.2707,3a,75y,92.5h,90t
```

முதல் இரண்டு எண்களும் அகலாங்கும் நெட்டாங்கும். `75y` பார்வையின் அகலம். `92.5h` வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எத்தனை பாகை திரும்பிப் பார்க்கிறோம் என்பது, அதாவது இங்கே ஏறத்தாழ நேர்கிழக்கு. `90t` என்றால் மேலும் கீழும் சாயாத கிடைப்பார்வை. இணைப்பின் பின்பகுதியில் `!1s` என்பதற்குப் பின் வருவது அந்த வட்டப்படத்தின் அடையாளக் குறி. இவை இருந்தால் எதிர்த் தரப்பு வழக்கறிஞரும் நீதிபதியும் தம் திரையில் அதே இடத்தில் நின்று அதே திசையைப் பார்க்கலாம்.

திரைப்படத்தை மாதமும் ஆண்டும் உரிமைக் குறிப்பும் தெரியும்படி, வெட்டாமல் சேமிக்க வேண்டும். அந்தக் கோப்புக்கு உடனே ஹேஷ் மதிப்பு எடுக்க வேண்டும்.

```
sha256sum padam.png
```

கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் இந்த மதிப்பு மாறிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கோருகிறது. அதன் படிவத்தில் ஹேஷ் மதிப்பைக் குறிக்க இடம் உண்டு. ஒரு பகுதியைப் பதிவை அளிப்பவரும், மற்றொரு பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். பழைய சட்டத்தின் 65B சான்றிதழ் கட்டாயம் என்று அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியிருந்தது. திரையில் பார்த்துப் பதிவு செய்தவரே சான்றிதழில் கையொப்பமிட வேண்டும், ஏனெனில் குறுக்கு விசாரணையில் நிற்கப்போவது அவர்தான்.

இதற்குப் பின் திரையை விட்டுத் தெருவுக்கு வர வேண்டும். கைப்பேசியை ஒரு மூங்கில் கழியில் கட்டி, அதே இடத்தில் இரண்டரை மீட்டர் உயரத்தில், அதே திசையில் இன்றைய படத்தை எடுத்தோம். பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்தால், மின்மாற்றியும் கம்பங்களும் தொட்டியும் ஒன்றின் மீது ஒன்று பொருந்துகின்றன. வேறுபடுவது ஒன்றே: பாலத்தின் கைப்பிடிச் சுவர் தெரிந்த இடத்தில் இப்போது வெள்ளையடித்த சுவர் நிற்கிறது. கூடவே வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமித்துத் தூரங்களை அளக்கும்படி மனுவில் கோரினோம். வன்கொடுமை விதிகளின் ஆறாம் விதி அதிகாரிகளின் நேரடி இட ஆய்வைக் கடமையாக்குகிறது என்பதால், புலனாய்வு அதிகாரிக்கும் இரு படங்களையும் எழுத்துப்பூர்வமாக அளித்தோம்.

இந்த வேலையைச் சமூக ஊடகத்தில் செய்யக் கூடாது. கண்டுபிடித்த ஆயங்களைப் பொதுவெளியில் பகிர்ந்தால் புகார் அளித்தவரின் வீடும் அதோடு பகிரப்படுகிறது. இணைப்பு வழக்குக் கட்டில் இருந்தால் போதும்.

எதிர்த் தரப்பின் படம் இறுதியில் அவர்களுக்கு எதிராகவே நின்றது. முதல் பதில் மனுவில் அடைப்பே இல்லை என்று கூறியதோடு, காலனி மக்கள் அந்த வழியை ஒருபோதும் பயன்படுத்தியதில்லை என்றும் கூறியிருந்தார்கள். அவர்களே தாக்கல் செய்த படத்தில், முகம் மங்கலான இரண்டு பெண்கள் தலையில் சுமையோடு பாலத்திலிருந்து இப்பக்கம் வந்துகொண்டிருக்கிறார்கள். பாலத்துக்கு அப்பால் இருப்பது காலனி மட்டுமே. 2023 பிப்ரவரியில் பாதை திறந்திருந்தது, அதில் காலனியின் பக்கமிருந்து ஆட்கள் வந்தார்கள் என்பதை நாங்கள் தனியாக நிறுவ வேண்டியிருக்கவில்லை. ஆட்சேபம் தாக்கலானதும் கூடுதல் பதில் மனு வந்தது. சென்ற மாதப் படம் என்ற வாசகம் அதில் இல்லை. சுவர் இல்லை என்ற வாசகமும் இல்லை. பாதுகாப்புக்காகச் சுவர் எழுப்பப்பட்டது என்று இருந்தது. யாரிடமிருந்து பாதுகாப்பு என்ற கேள்விக்கு அவர்கள் இன்னும் பதில் தாக்கல் செய்யவில்லை.